நேம்பிளேட்டில் நழுவும் எண்

எரிந்துபோன மோட்டாருக்கு ஈடாக அச்சு மாறாத இன்னொன்றை வாங்க, அதன் நேம்பிளேட்டைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் போதுமா என்பது பட்டறை நடத்துவோர் அடிக்கடி எழுப்பும் கேள்வி. படம் மட்டுமே போதும் என்ற விற்பனைப் பேச்சை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும் பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த தகட்டின் மங்கலான படத்திலிருந்தும் பெரும்பகுதியை மீட்டெடுக்க முடியும், ஏனெனில் அதிலுள்ள எண்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல, ஒன்றுக்கொன்று சாட்சி சொல்பவை.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் ப்ளோயர் மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். படத்தில் 1.5 கிலோவாட், 3.4 ஆம்பியர் என்பவை தெளிவாக உள்ளன; நிமிடச் சுற்றுகளைக் குறிக்கும் எண்ணில் 14, 5 ஆகியவற்றுக்கு நடுவே ஓர் இலக்கத்தைப் பெயின்ட் மூடியிருக்கிறது; சட்ட அளவான ஃபிரேம் எண் 90 என்று தெரிந்தாலும் அதையடுத்த எழுத்தும், ஃபேஸ், வோல்ட் கட்டங்களும் ஃபிளாஷ் ஒளியில் வெளுத்துவிட்டன.

மறைந்த இலக்கம் பெரும் இழப்பன்று. நான்கு துருவங்களாகக் கம்பி சுற்றப்பட்ட மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. உள்ளே சுழலும் உருளையான ரோட்டார் அதைத் துரத்துகிறதே தவிர ஒருபோதும் எட்டிப்பிடிப்பதில்லை. காவிரி நீரோட்டத்தில் மிதக்கும் பரிசலோடு இதை ஒப்பிடலாம். பரிசல் நீரின் வேகத்திலேயே போனால் நீர் அதைத் தள்ளுவதில்லை. பின்னால் ஒரு மரக்கட்டையைக் கட்டி, அது ஆற்றுப்படுகையில் உராய்ந்து இழுக்கும்போது பரிசல் பின்தங்குகிறது, பின்தங்கிய அளவுக்கு நீரின் உந்துதல் கூடுகிறது. கட்டை கனக்கக் கனக்கப் பின்னடைவும் வளர்கிறது. கட்டையை அவிழ்த்துவிட்டால் பரிசல் நீரின் வேகத்தை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. மோட்டாரிலும் வேக வேறுபாடு இருந்தால்தான் ரோட்டாரின் கம்பிகளைக் காந்தப்புலம் கடந்துசெல்கிறது, அப்போதுதான் அவற்றில் மின்னோட்டம் தூண்டப்பட்டுத் திருப்புவிசை பிறக்கிறது. இந்தப் பின்னடைவுக்கு நழுவல் என்று பெயர். தகட்டில் 1425 என்றிருந்தால் முழுச்சுமையில் 75 சுற்று, அதாவது 5 விழுக்காடு, நழுவுகிறது என்பது பொருள். ஆகவே 1415 ஆனாலும் 1445 ஆனாலும் மோட்டார் நான்கு துருவம் கொண்டதே. வாங்குபவர் கேட்க வேண்டியது துருவ எண்ணிக்கையைத்தான்.



ஆயினும் நழுவலை முற்றிலும் புறக்கணிக்கவும் கூடாது. விசிறி உண்ணும் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கேற்ப உயர்வதால், 1415 சுற்று மோட்டாருக்குப் பதிலாக 1440 சுற்றுள்ள மோட்டாரைப் பொருத்தினால் சுமை ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுகிறது. புதியது அதிகச் செயல்திறன் கொண்டது என்பதற்காக மட்டும் மின்கட்டணம் குறையும் என்று வாக்களிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஃபேஸ் கட்டத்தை மீட்க ஒரு பெருக்கல் போதும். ஒருமுனை மின்சாரமாக இருந்தால் 230 வோல்ட்டில் 3.4 ஆம்பியர் 782 வோல்ட்-ஆம்பியரையே தரும். அதிலிருந்து 1500 வாட் வெளிவர இயலாது. மும்முனையில் 415 வோல்ட்டையும் 3.4 ஆம்பியரையும் 1.732ஐயும் பெருக்கினால் ஏறக்குறைய 2440 கிடைக்கிறது. இழப்புகளுக்கும் திறன் காரணிக்கும் அது போதிய இடம் விடுகிறது. ஆகவே இது மும்முனை மோட்டார். உடலின் மீது மின்தேக்கியின் புடைப்பு இல்லாதிருப்பதைப் படத்தில் காண முடிந்தால் ஐயம் மேலும் குறையும்.

பன்னாட்டு முறையில் 90 என்பது பாதத்தின் அடியிலிருந்து தண்டின் மையம் வரையுள்ள உயரம், மில்லிமீட்டரில். எழுத்து, உடலின் நீளத்தைச் சொல்கிறது: S குட்டை, L நெடியது. ஒரே திறனை மெதுவாகச் சுற்றித் தர அதிகத் திருப்புவிசை தேவைப்படுவதால் உடல் பெரிதாகிறது, 1.5 கிலோவாட் மோட்டார் வழக்கமாக இரு துருவத்தில் 90S, நான்கில் 90L, ஆறில் 100L சட்டத்தில் வருகிறது. துருவம் நான்கு என்று தெரிந்துவிட்டதால் மறைந்த எழுத்து L ஆகவே இருக்க வேண்டும்.

வேண்டும் என்பது ஊகம்தான்; உற்பத்தியாளர் வழக்கத்தை மீறியிருக்கலாம், பழைய உடலுக்குள் வேறு துருவ எண்ணிக்கையில் காயில் கட்டப்பட்டிருக்கலாம், அப்போது தகடு முந்தைய மோட்டாரின் செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கும். அமெரிக்க எந்திரமானால் 145T போன்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்களை நான்கால் வகுத்து வரும் மூன்றரை அங்குலமே உயரம், அது 88.9 மில்லிமீட்டர் என்பதால் 90க்கு மிக அருகில் இருந்தும், தண்டின் விட்டமும் பாதத் துளைகளும் பொருந்தாது. பாதம் கொண்டு பொருத்தப்படுகிறதா, முன்முகத்து வட்டத்தட்டான ஃபிளேஞ்சு கொண்டா என்பதை ஃபிரேம் எண் சொல்வதேயில்லை. எனவே படத்தோடு இரண்டு அளவுகளையும் எடுத்தனுப்புவது முறை: 90L என்றால் வெர்னியரில் தண்டின் விட்டம் 24 மில்லிமீட்டரும், தண்டின் போக்கில் பாதத் துளைகளுக்கிடையே 125 மில்லிமீட்டரும் இருக்கும், துளைகளின் இடைவெளி 100 என்று வந்தால் அது 90S.