தாய் முன்னே, பிள்ளை பின்னே

வேர்ட்பிரஸ்ஸில் நடக்கும் ஒரு புத்தகக் கடையின் இணையதளம். அதைப் புதிய சர்வருக்கு மாற்றுகிறார்கள். எல்லாப் பிரிவுகளும் வந்து சேர்ந்துவிட்டன, எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. ஆனால் தளத்தைத் திறந்து பார்த்தால் ‘நூல்கள்’ என்ற பிரிவுக்குப் பக்கத்திலேயே, அதற்குச் சமமாக, ‘சிறுகதை’யும் உட்கார்ந்திருக்கிறது. பழைய தளத்தில் அது ‘நூல்கள்’, ‘புனைவு’ என இரண்டு படி இறங்கினால்தான் வரும். எந்த இடத்திலும் பிழைச் செய்தி இல்லை. இடம் மாறியது ஒன்றுதான் நடந்திருக்கிறது.

இதற்குக் காரணம் பிரிவுகள் வந்த வரிசை. வேர்ட்பிரஸ் தன் பிரிவுகளை wp_term_taxonomy என்ற அட்டவணையில் வைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு வரியிலும் parent என்றொரு கட்டம் உண்டு. அந்தப் பிரிவின் தாய் எது என்பதைச் சொல்லும் எண் அதில் இருக்கும். தாய் என்பதும் அதே அட்டவணையில் உள்ள இன்னொரு பிரிவுதான். தாயே இல்லாத உச்சிப் பிரிவு என்றால் அந்தக் கட்டத்தில் 0. ஒரே அட்டவணை இப்படித் தன்னையே சுட்டிக்கொண்டு எத்தனை அடுக்கு ஆழத்துக்கும் கிளை விடலாம்.

புத்தகக் கடையின் அட்டவணையில் நான்கு வரிகளை மட்டும் பார்ப்போம்:

```
எண்   பெயர்      parent
3     சிறுகதை    9
9     புனைவு     14
14    நூல்கள்     0
17    கவிதை     14
```

தாயின் எண் சிறியதாகவும் பிள்ளையின் எண் பெரியதாகவும்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். நிஜத்தில் அப்படி அமைவதில்லை. கடை தொடங்கியபோது ‘சிறுகதை’ மட்டும் இருந்தது. சரக்கு பெருகியதும் அதற்கு மேலே ‘புனைவு’ வந்தது. எழுதுபொருள்களும் விற்கத் தொடங்கியபோது புத்தகங்களைத் தனியே பிரிக்க ‘நூல்கள்’ முளைத்தது. மேலே இருப்பது பிந்திப் பிறந்ததால் அதன் எண் பெரிதாகிவிட்டது. ஆகவே எண் வரிசைப்படி அனுப்பினால் ‘சிறுகதை’ முதலில் போய் நிற்கும். அதன் தாய் அப்போது அங்கே இருக்காது.

தாய் இல்லாத இடத்தில் பிள்ளை வந்தால் என்ன நடக்கும் என்பது பெறும் பக்கத்தைப் பொறுத்தது. அட்டவணைக்கு ஃபாரின் கீ என்ற கட்டுப்பாடு போட்டிருந்தால் டேட்டாபேஸ் அந்த வரியை ஏற்காது, பிழை காட்டி நிறுத்திவிடும். வேர்ட்பிரஸ் அப்படிக் கட்டுப்பாடு போடுவதில்லை. அதன் இம்போர்ட்டர் கோப்பைப் படிக்கும்போது தாயைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் பிள்ளையை உச்சிப் பிரிவாகவே பதிந்துவிடுகிறது. கோப்பை மறுபடி ஏற்றினாலும் சரியாகாது. ஏற்கெனவே இருக்கும் பிரிவை அது தொடாமல் கடந்து போய்விடும். இதைவிட, பிழை காட்டி நிற்கும் டேட்டாபேஸ் எவ்வளவோ மேல்.

வேர்ட்பிரஸ்ஸின் சொந்த எக்ஸ்போர்ட் வசதி இந்தச் சிக்கலை அனுப்பும் பக்கத்திலேயே தீர்க்கிறது. பிரிவுகளைக் கோப்பில் எழுதுவதற்கு முன் அவற்றை ஒரு வரிசையில் நிறுத்துகிறது. முன்னால் நிற்பதை எடுத்துப் பார்க்கிறது. அதற்குத் தாய் இல்லை, அல்லது தாய் ஏற்கெனவே போய்விட்டது என்றால் அதையும் அனுப்புகிறது. இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குத் தள்ளுகிறது.

நம் நான்கு வரிகளில் இதை ஓட்டிப் பார்க்கலாம். 3 வருகிறது, 9 இன்னும் போகவில்லை, கடைசிக்குப் போ. 9 வருகிறது; 14 போகவில்லை, அதுவும் கடைசிக்கு. 14-க்குத் தாய் இல்லை, போகலாம். 17-இன் தாய் 14 இப்போதுதான் போனது, ஆகவே 17-உம் போகலாம். மறுபடி 3, 9 இன்னும் வரிசையில்தான் நிற்கிறது, திரும்பவும் கடைசிக்கு. 9-இன் தாய் போய்விட்டது, போகலாம். மிச்சம் நிற்கும் 3-உம் போகிறது. கிடைத்த வரிசை 14, 17, 9, 3. சிக்கல் வருவது, வேறு மென்பொருளிலிருந்தோ எக்செல்லிலிருந்தோ சொந்தமாகக் கோப்பு தயாரிப்பவர்கள் இந்த வேலையைச் செய்யாமல் எண் வரிசையிலோ அகர வரிசையிலோ எழுதிவிடும்போது.

இந்த முறையை அப்படியே எழுதி வைத்தால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 14-ஐ யாரோ டேட்டாபேஸில் நேரடியாக அழித்துவிட்டார்கள் என்று வையுங்கள். 17-உம் 9-உம் வராத தாய்க்காகக் காத்திருக்கும், 3 அந்த 9-க்காகக் காத்திருக்கும், நிரல் முடிவில்லாமல் சுற்றும். ஒரு பிரிவு சுற்றிவளைத்துத் தனக்கே தாயாகிவிட்டாலும் இதே கதிதான். எனவே ஒரு முழுச் சுற்றில் ஒன்றுகூட வெளியேறவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். மிஞ்சியவற்றில் ஒன்றை எடுத்துத் தாய், தாயின் தாய் என்று மேலே ஏறினால் காரணம் தெரிந்துவிடும். இல்லாத எண்ணில் போய் முட்டினால் தாய் அழிந்திருக்கிறது. ஏற்கெனவே கடந்த எண்ணுக்கே திரும்பி வந்தால் அது வட்டம். இரண்டையும் கடைக்காரர்தான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நிரல் ஊகித்து ஒரு தாயை ஒட்டவைத்தால் அதுவே அடுத்த பிழை.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பும்போது வரிசைப்படுத்துவது போதும். கடையின் கணக்கு மென்பொருளும் இணையதளமும் நாள் முழுக்கத் தகவல் பரிமாறிக்கொண்டிருந்தால் போதாது. அங்கே ‘கடைசியாக அனுப்பியபின் மாறியவை மட்டும்’, மாறிய நேரத்தின் வரிசையில், நூறு நூறாகப் போகும். காலை 10 மணிக்குப் ‘பயணம்’ என்ற பிரிவை உருவாக்கி, 10.05-க்கு அதன் கீழே ‘பயணக் கட்டுரை’யைச் சேர்க்கிறார்கள். 10.20-க்குத் தாயின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தத்தால் தாயின் நேரம் 10.20 ஆகிவிட்டது. இப்போது பிள்ளை ஒரு தொகுப்பிலும் தாய் அடுத்த தொகுப்பிலும் போகக்கூடும். ஒவ்வொரு தொகுப்பையும் தனித்தனியே வரிசைப்படுத்துவதால் பயனில்லை, ஏனென்றால் தாய் அந்தத் தொகுப்பிலேயே இல்லை.

இதற்கு நம்பகமான வழி, வேலையை இரண்டு நடையாகப் பிரிப்பது. வந்த தொகுப்புகள் எல்லாவற்றையும் முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் நடையில் புதிய பிரிவுகளைத் தாய் இல்லாமலே பதிய வேண்டும். எல்லாம் உள்ளே வந்தபின், இரண்டாம் நடையில் parent கட்டத்தை நிரப்ப வேண்டும். அப்போது எந்த வரிசையில் வந்தாலும் தாய் அங்கே இருக்கும். இரண்டு நடையையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் செய்வது அவசியம். இல்லாவிட்டால் நடுவில் தளத்தைத் திறக்கும் வாடிக்கையாளருக்குப் புதிய பிரிவுகள் எல்லாம் உச்சியில் சிதறிக் கிடப்பது தெரியும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இன்னொரு வசதி உண்டு. ஃபாரின் கீயை DEFERRABLE INITIALLY DEFERRED என்று அமைத்தால் டிரான்சாக்‌ஷன் முடியும் நேரத்தில்தான் தாய் இருக்கிறதா என்று பார்க்கும். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி இல்லை. அதனால் பலர் foreign_key_checks-ஐ 0 ஆக்கிவிட்டுத் தகவலை ஏற்றி, முடிந்ததும் 1 ஆக்குகிறார்கள். மறுபடி 1 ஆக்கும்போது, இடையில் ஏறிய வரிகளை அது சோதிப்பதில்லை. தாயில்லாத பிள்ளைகள் உள்ளேயே தங்கிவிடும்.

ஏற்றி முடித்தபின் எதைச் சோதிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் தாயில்லாத எண்களைத் தேடினால் ஒன்றும் அகப்படாது, ஏனென்றால் இடம் மாறிய பிரிவுகளின் parent 0 என்று சுத்தமாக இருக்கும். உச்சிப் பிரிவுகள் எத்தனை என்பதைத்தான் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும்:

```sql
SELECT COUNT(*) FROM wp_term_taxonomy
WHERE taxonomy = 'category' AND parent = 0;
```

புதிய தளத்தில் எண்ணிக்கை கூடியிருந்தால், கூடுதலாக உச்சியில் நிற்பவைதான் தாய்க்கு முன்னால் வந்து சேர்ந்த பிரிவுகள். அவற்றைத் திருத்தக் கோப்பை மறுபடி ஏற்றிப் பயனில்லை. ஒவ்வொன்றையும் திறந்து தாயைத் தேர்வு செய்ய வேண்டும், அல்லது அவற்றை அழித்துவிட்டுச் சரியான வரிசையில் கோப்பைத் தயாரித்து ஏற்ற வேண்டும். அழிப்பதென்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு பிரிவு மட்டுமே இணைக்கப்பட்டிருந்த பதிவுகள், அந்தப் பிரிவு போனதும் தளத்தின் இயல்பான பிரிவுக்கு மாறிவிடும். பதிவுகள் ஏற்கெனவே வந்துவிட்ட தளத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துவதே பாதுகாப்பு.