பாதி வருஷத்தில் மாறும் இன்சென்டிவ்... ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது?

இரவு பத்து மணி. கடை ஷட்டர் இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ்: ‘வரும் 1-ம் தேதி முதல் புதிய இன்சென்டிவ் திட்டம். அனைவரும் ஒத்துழைக்கவும்.’ கீழே ஒரு பி.டி.எஃப். மறுநாள் காலையில் கடையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால், அன்றிலிருந்து ஒவ்வொரு விற்பனையாளரின் சட்டைப் பையிலும் ஒரு குட்டி நோட்டு இருக்கும். யாருக்கு, என்ன, எவ்வளவுக்கு விற்றோம் என்று தனிக்கணக்கு! முதலாளியின் கணக்கை இனி நம்பத் தயாரில்லை என்பதற்கு அந்த நோட்டைவிடப் பெரிய அறிகுறி வேண்டியதில்லை.

கமிஷனை நடுவில் மாற்றுவதே தப்பு என்று சொல்லிவிட முடியாது. லாபம் குறைந்த பொருளுக்குப் பழைய கமிஷனையே கொடுத்தால் கடை தாங்காது. மாற்றம் எப்போது, எப்படி ஊழியர்களின் காதுக்குப் போகிறது என்பதில்தான் சிக்கலே.

வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஒரு ஷோரூமை எடுத்துக்கொள்வோம். எதை விற்றாலும் விலையில் 1 சதவிகிதம் கமிஷன் என்பது பழைய கணக்கு. ஆன்லைன் விலைப் போட்டியால் ஏ.சி-யில் கடைக்குக் கிடைக்கும் மார்ஜின் குறைந்துவிட்டது. அதனால் ஏ.சி-க்கு 0.6 சதவிகிதம், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற மற்ற பொருள்களுக்கு 1.2 சதவிகிதம் எனப் புதுக்கணக்கு.

ஏ.சி பிரிவில் நிற்கும் ஒருவர் நவம்பரில் 4 லட்சத்துக்கு விற்றிருக்கிறார். அதில் ஏ.சி 50,000 ரூபாய்தான். பழைய கணக்கில் அவருக்கு 4,000 ரூபாய், புதுக்கணக்கில் 4,500. அதாவது, 500 ரூபாய் கூடுதல். அதே ஆள் மே மாதத்தில் விற்றது 8 லட்சம், அதில் 6 லட்சம் ஏ.சி. பழைய கணக்கில் 8,000, புதுக்கணக்கில் 6,000. இப்போது 2,000 ரூபாய் போய்விடுகிறது. நவம்பர் கணக்கை மட்டும் காட்டி, ‘பாருங்க தம்பி, உங்களுக்கு லாபம்தான்’ என்று சொல்லும் மேனேஜர், மே மாதம் வந்ததும் பொய்யராகிவிடுவார்.

எனவே, முதலில் செய்ய வேண்டியது பொதுக்கூட்டம் அல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு தாள். போன ஏப்ரல் முதல் அவர் விற்றதை மாதவாரியாகப் போட்டு, பழைய தொகை, புதிய தொகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். சராசரி போடக் கூடாது. சராசரியில் மே மாதம் ஒளிந்துகொள்ளும். நஷ்டப்படுகிறவரிடம் நஷ்டம் என்றே சொல்லிவிட வேண்டும். ‘எல்லோருக்கும் நல்லதுக்குத்தான்’ என்ற வசனம் இங்கே எடுபடாது. ஃப்ளோர் மேனேஜருக்கு ஒருநாள் முன்னதாகச் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்னால் சொன்னால், விஷயம் டீக்கடை வழியாக எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அடுத்தது நேரம். தீபாவளி விற்பனையை நம்பித்தான் பலரும் சீட்டுப் பணம், பள்ளிக் கட்டணம் எல்லாம் திட்டமிட்டிருப்பார்கள். அதற்கு முன் கைவைத்தால், ‘சீசன் வருதுன்னு தெரிஞ்சே குறைக்கிறாங்க’ என்றுதான் பேச்சு வரும். அதில் தப்பும் இல்லை. தீபாவளி இன்சென்டிவ் கைக்குப் போன பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் சொல்லி, ஜனவரி 1 முதல் அமல்படுத்தலாம். அதுவரை காத்திருக்கும் செலவைக் கடைதான் ஏற்க வேண்டும்.

டிசம்பரில் அட்வான்ஸ் வாங்கி, இ.எம்.ஐ லோன் ஒப்புதல் தாமதமாகி ஜனவரியில் டெலிவரி ஆகும் ஏ.சி-க்கு எந்தக் கமிஷன்? சண்டை பெரும்பாலும் இங்கேதான் வெடிக்கும். புக்கிங் தேதி டிசம்பர் என்றால் பழைய கணக்கு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால், ஏ.சி-யை டிசம்பருக்குள் பில் போட வைக்க வாடிக்கையாளரை அவசரப்படுத்துவதும், வாஷிங் மெஷினை ஜனவரி வரை தள்ளிப்போடச் சொல்வதும் நடக்கும்.

நஷ்டப்படுகிறவர்களுக்குச் சில மாதம் ஈடு கொடுப்பது பல நிறுவனங்களில் இருக்கும் வழக்கம். ஆனால், இந்தக் கடை ‘மூன்று மாதம்’ என்று சொன்னால் அது ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஏ.சி விற்பனை சூடு பிடிப்பதோ ஏப்ரல், மே! கொடுக்கிற மாதிரி கொடுத்து, கொடுக்காமல் விடுவது அது. ஏ.சி பிரிவில் நிற்பவர் இதை அன்றே கண்டுபிடித்துவிடுவார். மே முடியும் வரை வித்தியாசத்தில் பாதியைக் கடை ஏற்கிறது என்றால், மேலே பார்த்தவருக்கு மே மாதத்தில் 1,000 ரூபாய் கிடைக்கும்.

ஜனவரி கணக்குக்கான சம்பளச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் இருக்கக் கூடாது. பில் எண், பொருள், சதவிகிதம், தொகை என ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டும். முதல் மாதம் எல்லோரும் அதைத் தங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு பில் விட்டுப்போயிருந்தால் அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், அந்த வாரமே கொடுத்துவிடுவது நல்லது. நோட்டு பையிலேயே இருக்கிறதா, வீட்டுக்குப் போய்விட்டதா என்பது மார்ச் வாக்கில் தெரியும்.