செக்கிங் மேசையில் ஒதுங்கிய 450 பீஸ்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் செக்கிங் பகுதிக்குள் நுழைந்தால், டியூப்லைட் வெளிச்சத்தில் பெண்கள் ஒவ்வொரு பனியனாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தையல் விட்டிருந்தாலும் எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டப்படும். ஸ்டிக்கர் விழுந்த பீஸ்கள் மேசைக்கு அந்தப் பக்கம் தனிக் குவியலாக ஏறும். அந்தக் குவியலுக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

"எல்லாத்தையும் அந்த ஆர்டர் மேலயே போட்டுருங்க" என்பார் பெரும்பாலான முதலாளி. "போட்டா அடுத்த ரேட்டு தப்பாப் போயிருமுங்க" என்பார் கணக்கு தெரிந்தவர். யார் சொல்வது சரி என்பது, பீஸ் ஏன் ஒதுங்கியது என்பதைப் பொறுத்தது.

ஆர்டருக்கு ஆர்டர் தனித்தனியாக அடக்கவிலை பார்க்கும் தொழில் இது. ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு ஏடு. துணி, கூலி, மேற்செலவு எல்லாம் அதில் ஏறும். அந்த ஏட்டின் தலைமேல் இருப்பது 'உற்பத்தியில் உள்ள சரக்கு' என்ற கணக்கு. ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை.

வெளிநாட்டு பையருக்கு 5,000 பனியன் அனுப்ப வேண்டும். கொஞ்சம் கழியும் என்று தெரிந்தே 5,250 பீஸ் வெட்டுகிறார்கள். கடைசி செக்கிங் வரை ஒரு பீஸுக்கு ஆன செலவு 200 ரூபாய்: துணி, நூல், பிரிண்டிங் வகையில் 120, கூலி 50, மேற்செலவு 30. ஆக ஆர்டர் ஏட்டில் 10,50,000 ரூபாய் ஏறியிருக்கிறது. செக்கிங் முடிந்ததும் 4,800 பீஸ் சுத்தம். 200 பீஸில் தையல் மட்டும்தான் குறை. பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும். மீதி 250 பீஸை என்ன செய்தாலும் அந்தப் பையருக்கு அனுப்ப முடியாது. பிராண்ட் லேபிளை வெட்டி எடுத்துவிட்டு 'செகண்ட்ஸ்' என்று காதர்பேட்டை வியாபாரிக்குக் கொடுத்தால் பீஸுக்கு 60 ரூபாய் கிடைக்கும்.

200, 250 இரண்டும் ஒரே குவியலில் கிடந்தாலும் கணக்கில் வேறு வேறு சாதி. திருத்தினால் முதல் தரமாக விற்கக்கூடியது குறையுள்ள பீஸ். திருத்த ஆகும் செலவு மறுவேலைச் செலவு. திருத்த முடியாமல், கிடைத்த விலைக்குத் தள்ளுவது கழிந்த பீஸ். கட்டிங் வேஸ்ட் இரண்டிலும் சேராது. அது ஒருநாளும் பீஸாக இருந்ததில்லை, கிலோ கணக்கில் விற்றுப் போகும்.

இப்போது 250-க்குள் போவோம். ஸ்டிக்கரை வைத்துக் காரணம் பிரித்தால் 100 பீஸில் ஊசித் துளை, எண்ணெய்க் கறை, துணியிலேயே இருந்த ஓட்டை. எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் பனியன் கம்பெனியில் இவை வரத்தான் செய்யும். மற்ற 150 பீஸின் கதை வேறு. பிரிண்ட் அடித்தபின் மையைச் சூட்டில் இறுக்க வேண்டும். அன்றைக்கு மெஷினில் சூடு போதவில்லை, யாரும் பார்க்கவில்லை. பனியனை இழுத்தால் பிரிண்ட் பாளம் பாளமாக வெடிக்கிறது. இது தொழிலோடு பிறந்த கழிவு இல்லை, பார்த்திருந்தால் நடந்திருக்காது.

முதலாவதை இயல்பான இழப்பு என்கிறோம், இரண்டாவதை அசாதாரண இழப்பு. இயல்பான இழப்புக்கு ஆண்டு ஆரம்பத்திலேயே ஓர் அளவு குறித்து வைக்க வேண்டும். இந்தக் கம்பெனியில் அது 2 சதவீதம் என்போம். எதில் 2 சதவீதம் என்பதில் பலரும் வழுக்குகிறார்கள். நல்ல பீஸின் மேல் போட வேண்டும்: 5,000-க்கு 100. வெட்டிய 5,250-ன் மேல் போட்டால் 105 வரும். பிரிண்டிங்கில் நடந்த தவறில் 5 பீஸ் சத்தமில்லாமல் 'இயல்பு' ஆகிவிடும். தவறு பெரிதாகப் பெரிதாக அதற்கான அனுமதியும் பெரிதாகும் விசித்திரமான அளவுகோல் அது.

அந்த 100 பீஸுக்குப் பதிவு எப்படி? இந்த ஆர்டருக்கென்றே வந்த கழிவா என்று முதலில் கேட்க வேண்டும். பையர் வெள்ளைத் துணி கேட்டிருக்கிறார், பொட்டுக் கறையும் கூடாது என்கிறார் என்று வையுங்கள். அப்படியானால் சுமை இந்த ஆர்டருடையது. செகண்ட்ஸாக விற்றுக் கிடைப்பதை மட்டும் ஏட்டிலிருந்து கழிக்கிறோம்:

செகண்ட்ஸ் சரக்குக் கணக்கு – பற்று ₹6,000
உற்பத்தியில் உள்ள சரக்குக் கணக்கு – வரவு ₹6,000

மீதி 14,000 ரூபாய் ஏட்டிலேயே தங்கி, நல்ல பீஸ்களின் விலையில் கரைந்துவிடும். தனியாக ஒரு நஷ்டக் கணக்கு பிறக்காது. நூறு பீஸ் கழியாமல் 5,000 நல்ல பீஸ் எடுக்க முடியாது என்றால், அந்த நூறின் செலவும் நல்ல பீஸின் செலவுதானே.

வெடித்த 150 பீஸுக்கு அந்த நியாயம் கிடையாது. அதன் முழுச் செலவு 30,000 ரூபாயையும் ஏட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்:

செகண்ட்ஸ் சரக்குக் கணக்கு – பற்று ₹9,000
அசாதாரண இழப்புக் கணக்கு – பற்று ₹21,000
உற்பத்தியில் உள்ள சரக்குக் கணக்கு – வரவு ₹30,000

இந்த 21,000 நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். இது கணக்காளரின் விருப்பம் இல்லை. வீணான பொருள், கூலி, பிற உற்பத்திச் செலவு ஆகியவற்றில் அசாதாரணமான அளவைச் சரக்கின் அடக்கத்தில் சேர்க்கக் கூடாது, அந்தக் காலத்தின் செலவாகவே எழுத வேண்டும் என்று இந்தியக் கணக்கியல் தரநிலை 2 சொல்கிறது. பிரிண்டிங் வெளியே ஜாப் ஒர்க்காக நடந்திருந்தால் திருப்பூர் வழக்கப்படி டெபிட் நோட் பறக்கும். பிரிண்டிங்காரர் 10,000 ரூபாயை ஒப்புக்கொண்டால் அவர் கணக்கில் பற்று, அசாதாரண இழப்பில் வரவு. நஷ்டம் 11,000 ஆகக் குறையும். அவர் ஒப்புக்கொள்ளும் முன்பே அதை வரவு வைக்கும் பழக்கம் வேண்டாம். டெபிட் நோட் போட்டவரும் வாங்கியவரும் ஆறு மாதம் பேசாமல் இருந்த கதைகள் ஊரில் நிறைய.

இனி அந்த 200 பீஸ். பிரித்துத் தைக்க பீஸுக்கு 15 ரூபாய்: நூல் 2, கூலி 8, மேற்செலவு 5. இதுவும் இந்த ஆர்டரின் தன்மையால் இயல்பாக வந்த மறுவேலை என்றால், ஏட்டிலேயே ஏறும்:

உற்பத்தியில் உள்ள சரக்குக் கணக்கு – பற்று ₹3,000
பொருள் கணக்கு – வரவு ₹400
கூலிக் கணக்கு – வரவு ₹1,600
ஏற்கப்பட்ட மேற்செலவுக் கணக்கு – வரவு ₹1,000

முதல் தடவை தைக்க ஆன செலவு ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறது. அதைத் தொட வேண்டாம். மறுவேலைக்கு மேலாக ஆனதை மட்டுமே எழுதுகிறோம். சைஸ் லேபிளை மாற்றித் தைத்துவிட்டு முழு லாட்டையும் பிரித்த கதையாக இருந்தால், பற்று வைக்க வேண்டியது 'அசாதாரண மறுவேலை இழப்பு' என்ற கணக்கில். வரவுப் பக்கம் மாறாது.

ஏட்டைக் கூட்டிப் பார்ப்போம். 10,50,000-ல் 6,000 போக, 30,000 போக, 3,000 சேர்த்தால் 10,17,000. நல்ல பீஸ் 5,000. ஒரு பீஸ் 203 ரூபாய் 40 காசு.

முதலாளி சொன்னபடி எல்லாவற்றையும் ஆர்டர் மேலேயே போட்டிருந்தால் 10,38,000 நின்றிருக்கும். ஒரு பீஸ் 207 ரூபாய் 60 காசு. வித்தியாசம் 4 ரூபாய் 20 காசுதானே என்று தோன்றும். ஆனால் பையரிடம் 10 காசுக்கு மல்லுக்கட்டும் ஊர் இது. அடுத்த சீசனில் அதே பனியனுக்கு ரேட் கேட்டால், மெஷினில் சூடு குறைந்த ஒரு நாளின் செலவையும் சேர்த்துச் சொல்வோம். பக்கத்துத் தெருக்காரர் ஆர்டரை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மார்ச் 31 அன்று பாதிச் சரக்கு குடோனில் இருந்தால் இன்னொரு வினையும் உண்டு: 2,500 பீஸுக்கு 4.20 வீதம் 10,500 ரூபாய் நஷ்டம் சரக்கு மதிப்புக்குள் பதுங்கி, அந்த ஆண்டின் லாபம் பொய்யாகக் கூடிக் காட்டும்.

ஊசித் துளையும் எண்ணெய்க் கறையும் இந்த ஆர்டருக்கு என்றில்லாமல் எல்லா ஆர்டரிலும் ஒரே மாதிரி வருகின்றன என்றால் பாதை மாறும். இந்த ஆர்டர் செக்கிங்குக்கு வந்த அன்று ஊசி மழுங்கியிருந்தது என்பதற்காக இதைத் தண்டிப்பது நியாயமில்லை. எல்லா ஆர்டரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்:

செகண்ட்ஸ் சரக்குக் கணக்கு – பற்று ₹6,000
மேற்செலவுக் கட்டுப்பாட்டுக் கணக்கு – பற்று ₹14,000
உற்பத்தியில் உள்ள சரக்குக் கணக்கு – வரவு ₹20,000

மறுவேலையின் 3,000 ரூபாயும் ஏட்டுக்குப் பதில் அதே மேற்செலவுக் கணக்கில் பற்றாகும். அசாதாரண இழப்பின் பதிவில் மாற்றமில்லை. இப்போது ஏட்டில் மிஞ்சுவது 10,00,000, பீஸுக்கு 200. விலை குறைந்துவிட்டதாக மகிழ வேண்டாம். இந்த வழியில் போகிற கம்பெனி, ஆண்டு ஆரம்பத்தில் மேற்செலவு விகிதம் போடும்போதே கழிவுக்கும் மறுவேலைக்கும் ஒரு தொகையை அதில் சேர்த்திருக்க வேண்டும். பீஸுக்கு ஏறிய 30 ரூபாய் மேற்செலவுக்குள் அந்தப் பங்கு இருக்க வேண்டும்.

நான் பார்த்த தவறுகளில் அதிகமானது இங்கேதான். விகிதத்துக்குள் கழிவைச் சேர்த்துவிட்டு, ஆர்டர் ஏட்டிலும் விட்டுவைப்பார்கள். ஒரே கழிவுக்கு இரண்டு தடவை பணம். எதிர்ப்பக்கமும் உண்டு: விகிதத்தில் சேர்க்காமலே மேற்செலவுக் கணக்கில் கொட்டுவார்கள். ஆண்டுக் கடைசியில் அந்தக் கணக்கில் ஏறியது அதிகம், ஆர்டர்கள் ஏற்றது குறைவு என்று ஒரு பள்ளம் தெரியும். கரண்ட் பில் கூடிவிட்டது என்று காரணம் சொல்வார்கள்.

மறுவேலை கண்ணுக்கே தெரியாமல் போகும் இடமும் ஒன்று உண்டு. பீஸ் ரேட்டில் தைக்கிறவர் தன் குறையைத் தானே கூலி இல்லாமல் திருத்திக் கொடுத்தால் கூலிக் கணக்கில் ஒரு பைசா வராது. அந்த நேரம் மெஷின் ஓடியது, கரண்ட் ஆனது, ஷிப்மெண்ட் தள்ளிப்போனது. மறுவேலைக்குத் தனிச் சீட்டு போடாத கம்பெனியில் 'எங்களிடம் மறுவேலையே கிடையாது' என்று பெருமையாகச் சொல்வார்கள்.

இயல்பு என்று குறித்த அளவும் சும்மா இருக்காது. ஓராண்டு 2 சதவீதம், அடுத்த ஆண்டு 'போன வருஷம் 3 வந்ததே' என்று 3. நடந்ததை எல்லாம் இயல்பாக்கிக்கொண்டே போனால் அசாதாரண இழப்புக் கணக்கில் என்றைக்கும் பூஜ்யம்தான் இருக்கும். ஒரு கம்பெனியின் ஏடுகளில் அந்தக் கணக்கு வருடக்கணக்காகக் காலியாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

உங்கள் செக்கிங் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஆர்டர் நம்பர், எத்தனை பீஸ் பாஸ், எத்தனை ரிஜெக்ட் என்று மூன்று கட்டம் மட்டும் இருந்தால், மேலே எழுதிய பதிவுகளில் எதையும் ஒழுங்காகப் போட முடியாது. காரணம் எழுத நான்காவதாக ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டுகிற பெண்ணுக்கு அந்தக் காரணம் ஏற்கெனவே தெரியும்.