பத்து விநாடியில் முடியும் டாலர் பேரம்

சிவகிரியில் நின்று மேற்கே பார்த்தால் மலை. வடக்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால் சீக்கிரமே ராஜபாளையம், பக்கத்தில் சத்திரப்பட்டி. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி கடல் தாண்டிப் போகிறது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத இன்னொரு வேலை அந்தத் துணிக்குப் பின்னால் நடக்கிறது. நூல் தறியில் ஏறும் முன்பே, ஆறு மாதம் கழித்து வரப்போகும் டாலரை இன்றைக்கே விற்றுவிடுகிறார்கள்! இன்னும் கைக்கு வராத பணத்துக்கு இன்றே ரூபாய் விலை பேசி எழுதியாகிவிடுகிறது. தொழில்காரர்கள் இதை ‘பார்வர்டு போடுவது’ என்கிறார்கள். அந்தப் பேரம் நடக்கும் அறைக்குள் எட்டிப்பார்க்க எனக்கு அடங்காத ஆசை. வாருங்கள், சேர்ந்தே போவோம்.

கையில் ஒரு கணக்கு இருந்தால்தான் உள்ளே போவது சுவையாக இருக்கும். சிவகிரிக்காரர் ஒருவர் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 50,000 டாலருக்கு ஆர்டர். நூல் வாங்கி, நெய்து, வெளுத்து, வெட்டிப் பொதிந்து, தூத்துக்குடியில் கப்பல் ஏற்ற இரண்டு மூன்று மாதம் ஆகும். கப்பல் கிளம்பி 90 நாள் கழித்துத்தான் பணம் தருவேன் என்கிறார் வாங்குபவர். ஆக, பணம் வர ஏறக்குறைய ஆறு மாதம். இன்றைக்கு டாலர் 85 ரூபாய், அவருடைய மொத்தச் செலவு 41 லட்சம் என்று கொள்வோம். டாலர் 85-லேயே நின்றால் கிடைப்பது 42,50,000. லாபம் ஒன்றரை லட்சம். டாலர் 82-க்கு இறங்கிவிட்டால் வரவும் 41 லட்சம், செலவும் 41 லட்சம். ஆறு மாத உழைப்புக்கு ஒரு பைசா மிஞ்சாது. துணியில் ஓர் இழைகூடக் குறையில்லாமல் இருந்தாலும் இதே கதிதான்.

அவர் வங்கிக்குப் போகிறார். சிறிய ஊர்க் கிளைகள் பெரும்பாலும் வங்கிக்காரர்கள் ‘சி’ வகை என்று சொல்லும் கிளைகள். வெளிநாட்டுப் பணத்தை அவை நேரடியாகக் கையாளுவதில்லை; அந்த அனுமதி உள்ள ‘பி’ வகைக் கிளைக்கு அனுப்பிவைக்கும். அந்தக் கிளையும் விலையைத் தானாகச் சொல்லாது. பெருநகரத்தில் இருக்கும் டீலிங் ரூமைக் கேட்டுத்தான் சொல்லும். ‘ஏ’ வகை அதுதான். உண்மையான ஆட்டம் நடக்கும் இடமும் அதுதான்.

போன் போடுவதற்கு முன் இரண்டு விஷயம் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, உண்மையான ஆர்டர். விற்கப்போகும் டாலருக்குப் பின்னால் உண்மையான வியாபாரம் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதிகளின் அடிப்படை. இன்னொன்று, வங்கி அவருக்கு ஒதுக்கியிருக்கும் பார்வர்டு லிமிட். பேசியபடி அவர் டாலர் தராமல் போனால் நஷ்டம் வங்கியின் தலையில் விழும் என்பதால், இதையும் ஒரு கடனைப் போலவே எடைபோட்டு வரம்பு வைக்கிறார்கள். இந்த இரண்டும் இருந்தால் போன் போடலாம்.

“அண்ணாச்சி, லைன்ல இருங்க. ஆறு மாசம், அம்பதாயிரம் டாலர், நீங்க விக்கிறீங்க, சரிதானே?” என்கிறார் மேலாளர். மறுமுனையில் டீலரின் கண் திரையில் இருக்கிறது. திரையில் எண்கள் துடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு மூச்சு விடுவதற்குள் கடைசி இலக்கம் நாலு தடவை மாறிவிடுகிறது. “எண்பத்தஞ்சு எழுபத்தஞ்சு” என்கிறார் டீலர். அந்த விலைக்கு ஆயுள் சில விநாடிதான். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தால் விலை மாறிவிடும். “டன்” என்கிறார் நம் ஆள். முடிந்தது! ஒரே ஒரு சொல்லில் ஆறு மாதத்துக்குப் பிந்தைய 42,87,500 ரூபாய் முடிவாகிவிட்டது. அந்த உரையாடல் பதிவாகிறது, ஒப்பந்தக் கடிதம் பின்னால் வருகிறது. பேரம் மட்டும் அந்த ஒரு சொல்லோடு முடிந்துபோகிறது.

இப்போதுதான் எனக்குச் சிலிர்க்கும் இடம் வருகிறது. இன்று டாலர் 85. டீலர் சொன்னது 85.75. அந்த முக்கால் ரூபாய் எங்கிருந்து வந்தது? டாலர் ஏறும் என்று அவர் கணித்தாரா? மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்குப் பேசுகிறவர் காய்ப்பைக் கணிக்கிறார். டீலரோ எதையும் கணிக்கவே இல்லை! வட்டிக் கணக்கு மட்டும் போட்டார்.

கணக்கை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். ஆறு மாதம் கழித்து வங்கிக்கு 50,000 டாலர் வரப்போகிறது. அதை நம்பி வங்கி இன்றைக்கே டாலரில் கடன் வாங்கலாம். டாலர் வட்டி ஆண்டுக்கு 4.5 சதவீதம் என்றால், சுமார் 48,900 டாலர் வாங்கினால் ஆறு மாதத்தில் வட்டியோடு சரியாக 50,000 ஆகும். அந்த டாலரை இன்றைய 85 ரூபாய்க்கு விற்றால் 41.56 லட்சம் கையில். அதை ரூபாயில் 6.5 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆறு மாதத்தில் 42.92 லட்சம் ஆகிவிடும். நம் ஆள் கொண்டுவரும் 50,000 டாலரை வைத்து டாலர் கடனை அடைத்துவிடலாம். அந்த 42.92 லட்சத்தை 50,000-ஆல் வகுத்தால் ஒரு டாலருக்கு 85.83 ரூபாய் வருகிறது. அதில் எட்டு பைசாவை வங்கி தன் லாபமாக வைத்துக்கொண்டு 85.75 தருகிறது. அவ்வளவுதான் ரகசியம்!

நடைமுறையில் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வங்கி கடன் வாங்கி டெபாசிட் போட்டுக்கொண்டிருப்பதில்லை. டீலர் 50,000 டாலரை உடனே சந்தையில் விற்றுவிடுவார். கூடவே ‘ஸ்வாப்’ என்ற இன்னொரு பேரம் செய்வார்: அதே டாலரை இன்றைய தேதிக்கு வாங்கி, ஆறு மாதத் தேதிக்கு விற்பார். இன்றைக்கு விற்றதும் வாங்கியதும் கழிந்துபோக, ஆறு மாதத் தேதிக்கு விற்றது மட்டும் மிஞ்சும். அந்தத் தேதியில்தான் நம் ஆளின் டாலரும் வந்து சேரும். வங்கியின் கை இரண்டு பக்கமும் சமம். டாலர் ஏறினாலும் இறங்கினாலும் டீலருக்குக் கவலையில்லை.

இன்றைய விலைக்கு மேல் கிடைக்கும் அந்தக் கூடுதல் பைசாவுக்குப் பெயர் பிரீமியம். இந்திய வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகமாக இருக்கும் வரை ஏற்றுமதியாளருக்கு அது கிடைத்துக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளி சுருங்கினால் பிரீமியமும் சுருங்கும். 2022-இல் அமெரிக்கா வட்டியை மளமளவென்று ஏற்றியபோது இதுதான் நடந்தது. முந்தைய ஆண்டு நாலரை சதவீதத்தை ஒட்டி இருந்த ஓராண்டு பிரீமியம், 2022 முடிவதற்குள் இரண்டு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ரூபாயைப் பற்றி ஏற்றுமதியாளர்களுக்குத் தோன்றுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வாஷிங்டனில் எடுக்கும் முடிவு சத்திரப்பட்டித் துணியின் விலையில் வந்து உட்காருகிறது. எனக்கு இது ஆச்சரியம் தீராத சங்கதி.

ஆறு மாதம் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 82-இல் நின்றால் நம் ஆள் 85.75-க்குக் கொடுத்துவிட்டு 1,87,500 ரூபாய் லாபத்தோடு வீடு திரும்புவார். 88-இல் நின்றாலும் அதே 85.75தான், அதே 1,87,500தான். “இன்னும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வந்திருக்குமே” என்று மனம் அடித்துக்கொள்ளும். பார்வர்டு போட்டவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். ஏறிய மாதத்தில் வருந்தி, அடுத்த ஆர்டருக்குப் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

பார்வர்டு போடாத வலி, போட்ட வலி இரண்டையும் திருப்பூர் அடுத்தடுத்துப் பட்டது. 2007 தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய்க்கு மேல் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 40-க்குக் கீழே போனது. பார்வர்டு போடாத பின்னலாடைக்காரர்களின் லாபம் அதில் கரைந்தது. பயந்துபோனவர்கள் 40-ஐ ஒட்டிய விலையில் நீண்ட காலத்துக்குப் பூட்டிக்கொண்டார்கள். 2008 இறுதியில் உலகச் சந்தையே ஆட்டம் கண்டபோது டாலர் 50-ஐத் தொட்டது. அந்தக் காலத்தில் வேறு சில ஒப்பந்தங்களும் விலைபோயின. அமெரிக்க டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் இடையிலான விலையின் மேல் கட்டிய சிக்கலான டெரிவேட்டிவ்கள் அவை. கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையே அப்படிப்பட்ட ஓர் ஒப்பந்தம் பற்றிய வழக்கில், 2008 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சூதாட்ட ஒப்பந்தம் என்று சொல்ல முடியாது எனத் தீர்ப்பளித்தது. நம் ஆள் போட்டது அந்த ரகம் இல்லை. வரப்போகும் டாலர், அதற்கொரு விலை, அதற்கொரு தேதி, அவ்வளவே. சுவிஸ் பிராங்க் இல்லை, தொட்டால் கணக்கு மாறும் எல்லைக்கோடு எதுவும் இல்லை. வங்கி நீட்டும் தாளில் தன் இன்வாய்ஸுக்குச் சம்பந்தமில்லாத நாணயத்தின் பெயரைப் பார்த்தால் ஏற்றுமதியாளர் பேனாவை மூடிவிட வேண்டும்.

எளிய பார்வர்டிலும் கண்ணி உண்டு. பார்வர்டு விலையைத்தான் பூட்டுகிறது, ஆர்டரைப் பூட்டுவதில்லை. வாங்குபவர் ஆர்டரையே ரத்து செய்துவிட்டார், டாலர் 88-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குச் சொன்ன 50,000 டாலர் நம் ஆளிடம் இல்லை. ஒப்பந்தத்தை ரத்து செய்தால் டாலருக்கு இரண்டே கால் ரூபாய் வீதம் 1,12,500 ரூபாயை அவரே வங்கிக்குக் கட்ட வேண்டும். துணியும் விற்கவில்லை, பணமும் போனது. அதனால்தான் பழகிய கைகள் உறுதியான பங்கை மட்டும் பூட்டிவிட்டு, மீதியைத் திறந்து வைக்கின்றன.

பணம் தாமதமாக வந்தாலும் சிக்கல்தான். இருபது நாள் தள்ளிப்போனால் பழைய ஒப்பந்தத்தை அன்றைய விலையில் ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். லாபமோ நஷ்டமோ அப்போதே கணக்காகும். சும்மா இருந்துவிட்டால் முதிர்வு தேதி தாண்டிய சில வேலை நாள்களில் வங்கியே ரத்து செய்து நஷ்டத்தைக் கணக்கில் எழுதும். இதைத் தவிர்க்க ஒரே தேதிக்குப் பதிலாக ஒரு மாத ஜன்னல் கேட்டு வாங்கலாம். அந்த மாதத்தில் எந்த நாளில் டாலர் வந்தாலும் அதே விலை. பதிலாக வங்கி பிரீமியத்தை அந்த மாதத்தின் முதல் நாள் வரைக்கும்தான் கணக்கிட்டுத் தரும். நம் கணக்கில் ஒரு மாதப் பிரீமியம் சுமார் 14 பைசா. ஜன்னல் ஐந்தாம் மாத முடிவில் தொடங்கினால் 85.75 என்பது 85.61 ஆகும். 50,000 டாலருக்கு 7,000 ரூபாய். எப்போதும் தாமதமாகவே பணம் அனுப்பும் வாடிக்கையாளருக்கு இதைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

கடைசியாக அந்த எட்டு பைசா. டீலர் ஒரே மூச்சில் 85.75 என்று சொல்லும்போது அதற்குள் இன்றைய விலை, பிரீமியம், வங்கியின் லாபம் மூன்றும் கலந்திருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம். இன்றைய சந்தை விலையைத் தாமே பார்க்க, கிளியரிங் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா 2019 ஆகஸ்டில் தொடங்கிய எப்எக்ஸ்-ரீட்டெய்ல் தளத்தில் வங்கி வழியாகப் பதிவு செய்துகொள்ளலாம். எட்டு பைசா என்றால் இந்த ஆர்டரில் 4,000 ரூபாய். முப்பது பைசா பிடித்திருந்தால் 15,000.