அணைத்த திரையைப் படமெடுங்கள்

விளம்பரங்களில் பளிச்சென்று தெரியும் லேப்டாப் திரை, பெரும்பாலும் பிறகு ஒட்டவைத்த படம்தான். ஒளிரும் திரையை அப்படியே படமெடுத்தால், அதன் புள்ளிவரிசையும் கேமரா சென்சாரின் புள்ளிவரிசையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் அலையலையாகக் கோடுகள் விழக்கூடும். ஆனால் ஒட்டியதும் இன்னொரு சிக்கல் வருகிறது: கண்ணாடிமேல் இருந்த ஜன்னல் வெளிச்சம் மறைந்துபோய், காகிதம் ஒட்டினாற்போல் தெரிகிறது.

திரையில் நாம் காண்பது இரண்டு ஒளிகளின் கூட்டல். ஒன்று உள்ளிருந்து வரும் ஒளி, மற்றது கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி. எரியும் திரையைப் படமெடுத்தால் இரண்டும் கலந்துவிடும். பிறகு பிரிப்பது பெரும்பாடு. திரையை அணைத்துவிட்டு எடுத்தால், கறுப்பின்மேல் பளபளப்பு மட்டும் தனியாகக் கிடைக்கும். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஜன்னலோரம் சாய்வாக வைத்த 16:10 லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் அந்தப் படத்தின்மேல் 2560×1600 ஸ்கிரீன்ஷாட்டை வைத்து, Convert to Smart Object கொடுங்கள். பிறகு Edit > Transform > Distort சென்று, நான்கு மூலைகளையும் திரையின் நான்கு மூலைகளில் பொருத்துங்கள். தூரத்து ஓரத்து எழுத்துகள் தாமாகவே சிறுக்கும். ஸ்கிரீன்ஷாட்டின் நீள அகல விகிதம் திரையோடு ஒத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வட்டமான ஐகான்கள் நசுங்கித் தெரியும். போனுக்கு மூலைகள் வளைந்திருக்கும். அங்கே பக்கக் கோடுகளை நீட்டி, அவை வெட்டும் இடத்தையே மூலையாகக் கொண்டு, வெளியே வழிவதை மாஸ்க் போட்டு மறைக்க வேண்டும்.

அடுத்து, அணைந்த திரைப் பகுதியை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அந்த லேயரின் கலப்பு முறையை Screen என்று மாற்றுங்கள். கறுப்பு எதையும் சேர்க்காது, வெளிச்சம் மட்டும் கூடும். ஜன்னல் பழையபடி கண்ணாடியில் வந்து நிற்கும்.

அணைந்த திரை ஒருபோதும் முழுக்கறுப்பாக இருப்பதில்லை. அந்தச் சாம்பல் சாயம் புதுப்படத்தின்மேல் பனிபோல் படர்ந்தால், மேல் லேயரில் Levels திறந்து கறுப்பு முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். அடியோடு நீக்கிவிடாதீர்கள், கண்ணாடி என்ற உணர்வே அதில்தான் இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தின்மேல் பளபளப்பு தெரியாமல் போவதும் உண்டு. வெள்ளைக்குமேல் கூட்ட இடமில்லை என்பதே காரணம். ஸ்கிரீன்ஷாட்டின் வெள்ளையை 255இலிருந்து 230 அளவுக்கு இறக்கினால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஒட்டு தெரிந்தால், ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். லேப்டாப்பின் சட்டம் லேசாக மங்கியிருக்க, திரையின் விளிம்பு மட்டும் கத்திவெட்டாக இருக்கும். மாஸ்க்கின் விளிம்பை அரை பிக்சலோ ஒரு பிக்சலோ மென்மையாக்கினால் சரியாகிவிடும்.

நாளை அதே விளம்பரத்துக்குத் தமிழ்ப் பக்கத்துக்குப் பதில் ஆங்கிலப் பக்கம் வேண்டுமென்றால், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே இருப்பதை மாற்றிச் சேமித்தால் போதும். சாய்வும் பளபளப்பும் அப்படியே இருக்கும்.