எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள்

ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்போது இடைவெளி ஒரு கிலோமீட்டர். மோதலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

இங்கே பலர் ஒரு ரயிலின் வேகத்தை மட்டும் எடுத்து 40 விநாடி என்பார்கள். ஆனால் இரண்டு ரயில்களும் இடைவெளியைத் தின்றுகொண்டே வருகின்றன. எனவே வேகங்களைக் கூட்ட வேண்டும்: மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 50 மீட்டர். 1000 மீட்டரை 50 ஆல் வகுத்தால் 20 விநாடிதான். (மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6 ஆல் வகுத்தால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும்.)

இந்த 20 விநாடி, யாரும் பிரேக் போடாவிட்டால்தான். இருவரும் உடனே பிரேக் போட்டு, ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் வீதம் குறைவதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு ரயில் நிற்க 625 மீட்டர் வேண்டும். இரண்டுக்கும் 1250 மீட்டர். இருப்பதோ ஆயிரம்தான். ஆளுக்கு 500 மீட்டர் ஓடி, மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதிவிடும்.

இருவரும் மணிக்கு 72 கிலோமீட்டரில் வந்திருந்தால்? தலா 400 மீட்டரில் நின்றிருக்கும். நடுவே 200 மீட்டர் மிஞ்சும். பிரேக்கைப் போட இருவருமே மூன்று விநாடி தாமதித்தால், அந்த 200 மீட்டரும் 80 ஆகச் சுருங்கிவிடும்.