சிற்றூர்களின் நோய்ச்சுமை: தரப்படுத்திய வீதமும் விகிதமும்

திண்டுக்கல் அம்பிளிக்கைப் புற்றுநோய்ப் பதிவகம் போன்றவை, மாவட்டங்களை ஒப்பிட ஏதுவாக, வயதுவாரி வீதங்களுக்குப் பொது எடையிட்டு வயதுத் தரப்படுத்திய வீதத்தை வழங்குகின்றன. பழனியை அடுத்த பாலசமுத்திரம் போன்ற சிற்றூரில் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் நோயாளர் ஓரிருவரே இருப்பர் என்பதால், அவ்வீதங்கள் நிலையற்றவை. அங்குத் தரப்படுத்திய விகிதமே பொருந்தும்.

ஓராண்டின் மாவட்ட வீதம் அறுபது வயதுக்குக் கீழ் இலட்சத்திற்கு 50, அதற்கு மேல் 400 எனக் கொள்வோம். முறையே 8,000 பேரும் 2,000 பேரும் வாழும் ஊரில் எதிர்பார்க்கத்தக்க நோயாளர் 4+8=12. கண்டறியப்பட்டோர் 15 எனில் விகிதம் 1.25 ஆகும். ஆயினும் அதன் 95 விழுக்காட்டு நம்பக எல்லை 0.70 முதல் 2.06 வரை விரிந்து 1ஐ உள்ளடக்குவதால், நோய் மிகுதி என்பது நிறுவப்படவில்லை. எல்லையைக் குறிக்காது விகிதத்தை மட்டும் வெளியிடின் வீண் அச்சமே விளையும்.

இரண்டு ஊர்களின் விகிதங்களைத் தம்முள் நேரடியாக ஒப்பிடுதலும் கூடாது. ஒவ்வொன்றும் தன் ஊரின் வயதமைப்பையே எடையாகக் கொண்டது.